ஐடி சரிந்த வருடம் அரசு வங்கிகள் பறந்தது ஏன்? செக்டார் ரொட்டேஷனும் 'ரிலேட்டிவ் ஸ்ட்ரென்த்' கணக்கும்

2022-ம் ஆண்டு முழுக்க நிஃப்டி 50 குறியீடு ஏறியது சுமார் 4 சதவீதம்தான். 2021 கடைசி நாளில் 17,354 புள்ளிகளில் இருந்தது, 2022 கடைசி வர்த்தக நாளில் 18,105-ல் முடிந்தது. பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. 'சந்தை சும்மா கிடந்தது' என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆனால் உள்ளே நடந்த கதை வேறு. அதே ஓராண்டில் நிஃப்டி ஐடி குறியீடு சுமார் 26 சதவீதம் சரிந்தது. நிஃப்டி பிஎஸ்யு பேங்க், அதாவது அரசு வங்கிகளின் குறியீடு, சுமார் 70 சதவீதம் ஏறியது. ஒரே நாளில் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாயை இந்த இரண்டு குறியீடுகளிலும் போட்ட இரண்டு பேர் இருந்திருந்தால், வருடக் கடைசியில் ஒருவர் கையில் 74 ஆயிரம், இன்னொருவர் கையில் 1 லட்சத்து 70 ஆயிரம் இருந்திருக்கும். இருவரும் இருந்தது ஒரே சந்தை!

பணம் ஒரு துறையில் இருந்து கிளம்பி இன்னொரு துறைக்குள் போவதைத்தான் பங்குச்சந்தை மொழியில் 'செக்டார் ரொட்டேஷன்' என்கிறார்கள். தமிழில் துறை சுழற்சி எனலாம். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? முடியாது என்றால், நடந்துகொண்டிருக்கும்போதாவது அளக்க முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

பாடப்புத்தகம் என்ன சொல்கிறது?

பொருளாதாரம் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. படுத்துக் கிடக்கும், மெல்ல எழும், வேகமெடுக்கும், சூடாகும், மறுபடி தளரும். இந்தச் சுற்றைத்தான் 'பிசினஸ் சைக்கிள்' என்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சில தொழில்களுக்கு நல்ல காலம், சிலவற்றுக்குக் கெட்ட காலம். இதுதான் துறை சுழற்சிக் கோட்பாட்டின் அடிப்படை. 1990-களில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி நிறுவனத்தில் இருந்த சாம் ஸ்டோவால் எழுதிய புத்தகம் மூலம் இது பரவலாகப் பேசப்பட்டது.

கோட்பாடு இப்படிப் போகும். மந்தநிலை முடிந்து பொருளாதாரம் எழும்போது வட்டி குறைவாக இருக்கும். மக்கள் தள்ளிப்போட்ட கார், வீடு எல்லாம் வாங்கத் தொடங்குவார்கள். எனவே ஆட்டோ, வங்கி, ரியல் எஸ்டேட் முதலில் ஓடும். வளர்ச்சி நிலைபெற்றதும் ஐடி, இயந்திரத் தயாரிப்பு போன்றவை. கடைசிக் கட்டத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சரக்கு கேட்பதால் விலைவாசி ஏறும். அப்போது மெட்டல், எண்ணெய் நிறுவனங்கள் லாபம் பார்க்கும். மந்தம் வந்துவிட்டால்? சோப்பு, பிஸ்கட், மாத்திரை. வேலை போனாலும் பல் தேய்க்கத்தானே வேண்டும்!

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது நிஃப்டி ஃபார்மா சுமார் 60 சதவீதம் ஏறியது. 2021-ல் பொருளாதாரம் திறந்ததும் மெட்டல் சுமார் 70 சதவீதம் ஏறியது. அட, சரியாகத்தானே வருகிறது என்று தோன்றும்.

ஆனால் வங்கிகளைப் பாருங்கள். கோட்பாட்டின்படி அவை வட்டி குறைவாக இருக்கும் தொடக்கக் கட்டத்தில் ஓட வேண்டும். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்குக் குறைத்தது 2020 மே மாதம். அந்த வருடம் அரசு வங்கிக் குறியீடு சுமார் 30 சதவீதம் விழுந்தது. அது பறந்ததோ, 2022 மே தொடங்கி ரிசர்வ் வங்கி வட்டியை வரிசையாக ஏற்றிக்கொண்டிருந்தபோது! மே 4-ம் தேதி 4.40 சதவீதம், டிசம்பரில் 6.25 சதவீதம். புத்தகத்தை நம்பி உட்கார்ந்தவர்களுக்கு இது தலைகீழ்.

அப்படியென்றால் 2022-ல் நடந்தது என்ன?

உங்கள் வீட்டில் யாராவது வீட்டுக்கடன் கட்டுகிறார்கள் என்றால் இதைப் புரிந்துகொள்வது எளிது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் ரெப்போ ஏறினால் கடன் வட்டியும் சீக்கிரமே ஏறும். 2022-ல் இஎம்ஐ கூடியதாகவோ, தவணைக் காலம் நீண்டதாகவோ வங்கியில் இருந்து எஸ்எம்எஸ் வந்தது நினைவிருக்கலாம்.

ஆனால் ஃபிக்சட் டெபாசிட் வட்டி அந்த வேகத்தில் ஏறாது. ஏற்கெனவே போட்ட டெபாசிட்டுக்கு முதிர்வு வரை பழைய வட்டிதான். ஆக, வங்கிக்கு வரும் வட்டி உடனே கூடுகிறது, வங்கி கொடுக்கும் வட்டி மெல்லக் கூடுகிறது. நடுவில் இருக்கும் இடைவெளிதான் வங்கியின் லாபம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் அரசு வங்கிகள் கொடுத்திருந்த மொத்தக் கடனில் 14 சதவீதத்துக்கு மேல் வாராக்கடன். அடுத்த நாலு வருடம் அதற்காகப் பணம் ஒதுக்கியே லாபம் கரைந்தது. 2022-ல் அந்தச் சுமை பெருமளவு குறைந்திருந்தது. அதே நேரத்தில் வங்கிக் கடன் வளர்ச்சி 15 சதவீதத்தைத் தாண்டியது. புத்தகத்தில் இருக்கும் சைக்கிளைவிட, அரசு வங்கிகளின் சொந்த சைக்கிள்தான் இங்கே வேலை செய்தது என்பது என் கணிப்பு.

ஐடி பக்கம் கதை நேர் எதிர். இந்திய ஐடி நிறுவனங்களுக்கு வருமானம் தரும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. பூஜ்யத்தை ஒட்டி இருந்த வட்டியை அமெரிக்க மத்திய வங்கி அந்த ஆண்டு முடிவதற்குள் 4.25 - 4.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அங்கே நிறுவனங்கள் செலவைக் குறைக்கத் தொடங்கினால், முதலில் தள்ளிப்போவது புதிய சாஃப்ட்வேர் திட்டங்கள்தான்.

இங்கே சம்பளச் செலவும் எகிறியிருந்தது. 2022 ஜனவரி-மார்ச் காலாண்டில் இன்ஃபோசிஸ் ஊழியர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் 27.7 சதவீதம். ஆளைத் தக்கவைக்க அதிகச் சம்பளம் கொடுக்க வேண்டிய நிலை. அந்தக் காலாண்டு முடிவுகள் ஏப்ரல் 13-ம் தேதி வந்தன. விடுமுறை முடிந்து 18-ம் தேதி சந்தை திறந்ததும், இன்ஃபோசிஸ் பங்கு ஒரே நாளில் சுமார் 7 சதவீதம் விழுந்தது.

இதை முன்கூட்டியே சொல்ல முடியாதா?

இங்கேதான் சிக்கல். எந்தக் கட்டத்தில் எந்தத் துறை ஓடும் என்பதற்கு அட்டவணை இருக்கிறது. இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. சொல்பவர்களும் தாமதமாகத்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் மந்தநிலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று அறிவிக்கும் வேலையைச் செய்வது என்பிஇஆர் என்ற ஆய்வு அமைப்பு. 2020 பிப்ரவரியோடு வளர்ச்சி நின்று மந்தம் தொடங்கியது என்று அது அறிவித்த நாள், 2020 ஜூன் 8. அன்று மாலை எஸ் அண்ட் பி 500 குறியீடு அந்த ஆண்டின் மொத்த நஷ்டத்தையும் மீட்டு முடிந்திருந்தது! மந்தம் 2020 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது என்று அறிவித்ததோ 2021 ஜூலை 19-ல். பதினைந்து மாதம் கழித்து.

நம் ஊரிலும் அதே கதைதான். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியாவின் ஜிடிபி 23.9 சதவீதம் சரிந்தது என்ற அதிர்ச்சித் தகவல் வெளியானது ஆகஸ்ட் 31-ம் தேதி. நிஃப்டி அடிமட்டமான 7,610-ஐத் தொட்டது மார்ச் 23-ம் தேதியே. ஜிடிபி செய்தி வந்த நாளில் அது 11,387. அந்தச் செய்தியைப் பார்த்து 'பொருளாதாரம் படுத்துவிட்டது, சோப்பு, மாத்திரை கம்பெனிப் பங்குகளுக்கு மாறுவோம்' என்று முடிவெடுத்தவருக்கு, அந்த ரயில் ஐந்து மாதம் முன்பே போய்விட்டது.

சரி, கட்டத்தைத் துல்லியமாகக் கணிக்கும் ஒருவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு எவ்வளவு கிடைக்கும்? ஜேக்கப்சன், ஸ்டாங்கல், விசால்தனசோட்டி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1948 முதல் 2007 வரையிலான அமெரிக்கத் தரவுகளை வைத்து இதைக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் தவறே இல்லாமல் கணித்து, பாடப்புத்தகம் சொன்ன துறைகளுக்கு மாறியிருந்தாலும், கூடுதல் பலன் அதிகபட்சம் ஆண்டுக்கு 2.3 சதவீதம். அதுவும் வாங்கி விற்கும் செலவைக் கழிப்பதற்கு முன்பு!

அங்கே வருகிறது ரிலேட்டிவ் ஸ்ட்ரென்த்

பொருளாதாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற கேள்வியையே விட்டுவிட்டு, எளிதான ஒரு கேள்வியைக் கேட்பதுதான் ரிலேட்டிவ் ஸ்ட்ரென்த். இந்தத் துறை மொத்தச் சந்தையைவிட வேகமாக ஓடுகிறதா, மெதுவாகவா? அவ்ளோதான். தமிழில் ஒப்பீட்டு வலிமை எனலாம்.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டிரேடிங் ஆப்களில் சார்ட்டுக்குக் கீழே 'ஆர்எஸ்ஐ' என்று ஒரு கோடு 0-க்கும் 100-க்கும் நடுவே ஓடும். அதன் விரிவாக்கத்திலும் 'ரிலேட்டிவ் ஸ்ட்ரென்த்' என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது வேறு, இது வேறு. ஆர்எஸ்ஐ ஒரு பங்கை அதே பங்கின் சமீபத்திய ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடுகிறது. நாம் பேசுவது ஒரு பங்கை இன்னொன்றோடு, அல்லது மொத்தச் சந்தையோடு ஒப்பிடுவதைப் பற்றி. யூடியூப் வீடியோக்கள் பலவற்றில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

கணக்கு எளிது. துறைக் குறியீட்டை நிஃப்டியால் வகுக்க வேண்டும். 2021 கடைசியில் நிஃப்டி ஐடி சுமார் 38,700. அதை 17,354-ஆல் வகுத்தால் 2.23. ஓராண்டு கழித்து நிஃப்டி ஐடி சுமார் 28,600, நிஃப்டி 18,105. வகுத்தால் 1.58. விகிதம் 29 சதவீதம் குறைந்திருக்கிறது. ஐடி விழுந்தது 26 சதவீதம், சந்தையோடு ஒப்பிட்டால் 29 சதவீதம் பின்தங்கியது.

அரசு வங்கிகளுக்கும் இதையே செய்யலாம். சுமார் 2,530-ஐ 17,354-ஆல் வகுத்தால் 0.146. ஓராண்டு கழித்து சுமார் 4,320-ஐ 18,105-ஆல் வகுத்தால் 0.239. விகிதம் 60 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. 2.23, 0.146 என்ற எண்களைத் தனித்தனியே பார்த்தால் எந்த அர்த்தமும் இல்லை. அது மாதாமாதம் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் செய்தி. என்எஸ்இ துறைக் குறியீடுகளின் பழைய மதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாதத்தின் கடைசி நாள் மதிப்பை மட்டும் எடுத்து, போனில் இருக்கும் கால்குலேட்டரிலேயே வகுத்துப் பார்த்துவிடலாம்.

இந்த முறை வருவதை முன்கூட்டிச் சொல்லாது. ஓடத் தொடங்கிய பிறகுதான் காட்டும். 2022 ஜனவரியில் ஐடி மற்ற துறைகளைவிட அதிகமாக விழுந்தபோது விகிதம் முதல்முறை இறங்கியது. மார்ச்சில் கொஞ்சம் மீண்டது. 'அப்பாடா' என்று பலர் மூச்சுவிட்டிருப்பார்கள். ஏப்ரலில் காலாண்டு முடிவுகளோடு மறுபடி உடைந்தது. ஆக, உச்சியில் யாரையும் அது வெளியேற்றியிருக்காது. இறங்கும் வழியில் பாதியிலாவது கையைப் பிடித்து இழுத்திருக்கும்.

டாப் துறையை வாங்கினால் போதுமா?

போதாது. அதற்கும் 2021-ஏ சாட்சி. அந்த ஆண்டு பெரிதாக ஏறிய நான்கு துறைகளை எடுப்போம். மெட்டல் சுமார் 70 சதவீதம், ஐடி சுமார் 60, ரியல்டி சுமார் 54, அரசு வங்கிகள் சுமார் 44. நிஃப்டி ஏறியது 24 சதவீதம். நான்குமே சந்தையைத் தோற்கடித்தவை. ஒப்பீட்டு வலிமையில் நான்கும் பாஸ்.

அடுத்த ஆண்டு என்ன ஆனது? மெட்டல் சுமார் 22 சதவீதம் ஏறியது. ஐடி 26 சதவீதம் விழுந்தது. ரியல்டி சுமார் 11 சதவீதம் விழுந்தது. அரசு வங்கிகள் 70 சதவீதம் ஏறின. நான்கில் இரண்டு ஊற்றிக்கொண்டன.

'போன வருடம் 60 சதவீதம் லாபம் தந்த ஐடி ஃபண்ட்' என்ற விளம்பரத்தைப் பார்த்து மொத்தப் பணத்தையும் அதில் போட்டவர் மாட்டிக்கொண்டார். நான்கிலும் சமமாகப் பிரித்துப் போட்டிருந்தால் சராசரி சுமார் 14 சதவீத லாபம். நிஃப்டியைவிட 10 சதவீதம் அதிகம். அதுவும் பெரும்பாலும் நான்காவது இடத்தில் இருந்த துறையால் வந்தது. இது ஒரே ஒரு ஆண்டின் கணக்கு, எல்லா ஆண்டும் இப்படி அமையாது. ஆனால் பட்டியலில் முதலிடம், நான்காம் இடம் என்ற வரிசைக்கு அவ்வளவு மதிப்பு கொடுக்கக் கூடாது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. மேல் வரிசையில் இருக்கும் ஒரு கூட்டத்தைத்தான் இந்த முறை அடையாளம் காட்டும், ஜெயிக்கப்போகும் ஒருவரை அல்ல.

தனிப் பங்குகளை வரிசைப்படுத்துவது எப்படி?

துறைகளுக்குச் செய்ததையே பங்குகளுக்கும் செய்யலாம். 1993-ல் ஜெகதீஷ், டிட்மன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கடந்த 3 முதல் 12 மாதங்களில் அதிகம் ஏறிய பங்குகள், அடுத்த சில மாதங்களிலும் மற்றவற்றைவிட நன்றாக ஓடுகின்றன என்று அமெரிக்கத் தரவுகளில் காட்டினார்கள். 1999-ல் வந்த இன்னொரு ஆய்வில் மாஸ்கோவிட்ஸ், கிரின்ப்ளாட் இருவரும், அந்தப் பலனில் பெரும்பகுதி உண்மையில் துறையால் வருவது என்றார்கள். பங்கு தானாக ஓடவில்லை, அதன் துறை ஓடுகிறது, அதோடு சேர்ந்து அதுவும் ஓடுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

நம் ஊரில் இதை வைத்தே ஒரு குறியீடு இருக்கிறது. நிஃப்டி200 மொமென்டம் 30. பெரிய 200 நிறுவனங்களில் இருந்து, ஒப்பீட்டளவில் வேகமாக ஓடும் 30 பங்குகளை ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் பயன்படுத்தும் கணக்கை எளிமையாக்கி, மூன்று கற்பனைப் பங்குகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் படி, 12 மாத லாபம். ஆனால் இன்றைய விலையில் இருந்து எண்ணக் கூடாது. கடைசி ஒரு மாதத்தை விட்டுவிட வேண்டும். அதாவது 13 மாதங்களுக்கு முந்தைய விலைக்கும், ஒரு மாதத்துக்கு முந்தைய விலைக்கும் உள்ள வித்தியாசம். காரணம், ஒரு மாதத்தில் திடீரென எகிறிய பங்கு அடுத்த மாதம் திரும்பி வருவது வழக்கம். அந்தச் சலசலப்பு கணக்கைக் கெடுக்கும்.

'அ' பங்கு 400-ல் இருந்து 560 ரூபாய் ஆனது, 40 சதவீதம். 'ஆ' பங்கு 250-ல் இருந்து 400; 60 சதவீதம். 'இ' பங்கு 1,000-ல் இருந்து 1,100, 10 சதவீதம். அதே காலத்தில் நிஃப்டி 12 சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 'இ' வைத்திருப்பவர் லாபத்தில்தான் இருக்கிறார், சந்தோஷமாகவும் இருப்பார். ஆனால் சும்மா நிஃப்டி ஃபண்டில் போட்டிருந்தால் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். ஒப்பீட்டு வலிமையில் 'இ' ஃபெயில்.

இப்போது முதலிடம் 'ஆ'-வுக்கா? அவசரப்பட வேண்டாம். இரண்டாவது படி, ஏற்ற இறக்கத்தால் வகுப்பது. தினமும் 3 சதவீதம் மேலே, 3 சதவீதம் கீழே என்று குதிக்கும் பங்கும், நிதானமாக ஏறும் பங்கும் ஒன்றல்ல. ஒரு பங்கின் தினசரி அசைவுகளை வைத்து ஆண்டு ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடுவார்கள். 'அ'-வுக்கு அது 25 சதவீதம், 'ஆ'-வுக்கு 50 சதவீதம் என்றால், 40-ஐ 25-ஆல் வகுத்தால் 1.6, 60-ஐ 50-ஆல் வகுத்தால் 1.2. முதலிடம் 'அ'-வுக்குப் போய்விட்டது!

ஸ்ப்ரெட்ஷீட்டில் போட விரும்புபவர்களுக்கு: பழைய விலை B, ஒரு மாதத்துக்கு முந்தைய விலை C, ஏற்ற இறக்கம் D என்ற மூன்று பத்திகளில் இருந்தால் போதும்.

```
=(C2/B2-1)/D2
```

ஏற்ற இறக்கத்தை 25% அல்லது 0.25 என்று கொடுக்க வேண்டும். பிறகு விடையைப் பெரியதில் இருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் பட்டியல் தயார். உண்மையான குறியீட்டில் இதே கணக்கை 6 மாத லாபத்துக்கும் செய்து, இரண்டுக்கும் சம மதிப்பு கொடுத்துச் சேர்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. போனஸ் பங்கு கொடுத்தாலோ, பங்கைப் பிரித்தாலோ விலை ஒரே நாளில் பாதியாகும். அதைச் சரிசெய்யாத விலைப் பட்டியலை வைத்துக் கணக்கு போட்டால், நன்றாக ஓடும் பங்கு கடைசி இடத்துக்குப் போயிருக்கும். ஒரு பங்கு நம்ப முடியாத அளவுக்குக் கீழே இருந்தால், முதலில் இதைப் பாருங்கள்.

எங்கே இந்த முறை சறுக்கும்?

முதல் விஷயம், பெயரிலேயே இருக்கிறது. இது ஒப்பீடு மட்டும்தான். சந்தை 30 சதவீதம் விழும்போது 18 சதவீதம் மட்டும் விழுந்த பங்கு பட்டியலில் மேலே நிற்கும். வலிமையான பங்குதான். ஆனால் உங்கள் ஒரு லட்சம் 82 ஆயிரமாகியிருக்கும். எது பரவாயில்லை என்று இந்தக் கணக்கு சொல்லும். சந்தையிலேயே இருக்கலாமா வேண்டாமா என்று சொல்லாது.

இரண்டாவது, பெரிய வீழ்ச்சி முடிந்து சந்தை சட்டென்று திரும்பும் நேரம். அப்போது பட்டியலின் மேலே இருப்பவை, வீழ்ச்சியில் தாக்குப்பிடித்த சாதுவான பங்குகள். கீழே கிடப்பவை அடிபட்டு நொறுங்கியவை. திரும்பும்போது நொறுங்கியவைதான் ராக்கெட் மாதிரி கிளம்பும். 2009 மார்ச் முதல் மே வரையில் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. டேனியல், மாஸ்கோவிட்ஸ் ஆய்வின்படி, முந்தைய ஓராண்டில் மிக மோசமாக விழுந்த பத்தில் ஒரு பங்குக் கூட்டம் அந்த மூன்று மாதங்களில் 163 சதவீதம் ஏறியது. பட்டியலில் மேலே இருந்த கூட்டம் ஏறியது வெறும் 8 சதவீதம்!

இந்த நேரத்தை எப்படி அடையாளம் காண்பது? முழுமையாக முடியாது. ஆனால் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வரும்போது ஆபத்து அதிகம் என்று அதே ஆய்வு காட்டுகிறது. சந்தை ஏற்கெனவே நீண்ட காலம் விழுந்திருக்க வேண்டும், தினசரி ஏற்ற இறக்கமும் கடுமையாக இருக்க வேண்டும். அந்தச் சமயத்தில் 12 மாதப் பட்டியலை வைத்து அவசரமாக மாறுவதைவிட, கொஞ்சம் பொறுத்திருப்பது மேல்.

மூன்றாவது, திசையே இல்லாத சந்தை. ஒரு மாதம் ஆட்டோ, அடுத்த மாதம் ஃபார்மா, மறுபடி ஆட்டோ என்று தலைமை மாறிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் ஏறி முடித்ததை வாங்கி, விழுந்து முடித்ததை விற்றுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பட்டியலின் முதல் ஐந்து பெயர்களில் மூன்று, நான்கு மாதாமாதம் மாறிக்கொண்டே இருந்தால் அது இந்த நிலைக்கான அடையாளம்.

துறைக் குறியீடுகளிலும் ஒரு பொடி விஷயம் ஒளிந்திருக்கிறது. நிஃப்டி ஐடியில் இருப்பவை 10 நிறுவனங்கள். அதில் இன்ஃபோசிஸ், டிசிஎஸ் இரண்டுக்கும் மட்டுமே பெரும்பங்கு. 'ஐடி துறை வலுவாகிறது' என்று விகிதம் காட்டினால், அது துறையா, அல்லது இரண்டு பெரிய பங்குகளா என்று உள்ளே ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும்.

வரி எவ்வளவு தின்னும்?

மாதாமாதம் மாறும் திட்டங்களில் யாரும் சத்தமாகப் பேசாத பகுதி இது. 2024 ஜூலை 23 முதல், பங்கை வாங்கி ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. அதற்கு முன்பு 15 சதவீதமாக இருந்தது. ஓராண்டு தாண்டி விற்றால் 12.5 சதவீதம், அதிலும் ஓர் ஆண்டில் முதல் 1.25 லட்சம் ரூபாய் லாபத்துக்கு வரி இல்லை.

ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய பங்கை 1.20 லட்சத்துக்கு விற்கிறீர்கள். எட்டாவது மாதம் விற்றால், 20 ஆயிரம் ரூபாய் லாபத்துக்கு வரி 4,000, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 4,160 ரூபாய். பதின்மூன்றாவது மாதம் விற்றால், அந்த ஆண்டில் வேறு நீண்டகால லாபம் இல்லாதபட்சத்தில், வரி பூஜ்யம். இதற்கு மேல் வாங்கும்போதும் விற்கும்போதும் தலா 0.1 சதவீத பரிவர்த்தனை வரி வேறு. இந்தக் கணக்கில் 100-ம் 120-மாக 220 ரூபாய்.

எனவே, பட்டியலில் ஓர் இடம் இறங்கியதற்கெல்லாம் விற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. 20 பங்குகளைக் கொண்ட பட்டியல் என்றால், முதல் 5 இடங்களுக்குள் வரும்போது வாங்குவது, 10-வது இடத்துக்குக் கீழே போகும்போது மட்டும் விற்பது. 6-ல் இருந்து 10 வரை இருக்கும் பங்கு கையில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். கையில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஆட்டோவும் ஃபார்மாவும் மாறி மாறி முந்தும் மாதங்களில், இந்த ஐந்து இட இடைவெளிதான் தேவையில்லாத விற்பனைகளைத் தடுக்கும்.